பெயரை மாற்றினாலும் மாறாத கடிதம்

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு திங்கட்கிழமைக் காலை, பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர். கணவரின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. கணக்கு விவரங்களைப் புதுப்பிக்காததால் பணம் எடுப்பதற்குத் தற்காலிகத் தடை விழுந்திருந்தது.

“மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோமே, அம்மா” என்றோம்.

“வந்தது. மூன்றையும் அழித்துவிட்டேன்” என்றார் அவர். பிறகு எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்த எச்சரிக்கைச் சுவரொட்டியைக் காட்டினார். “அவசரம் என்று சொல்லி, பெயரைச் சரியாகக் குறிப்பிடாமல், கணக்கை முடக்கிவிடுவோம் என்று மிரட்டி, இணைப்பைச் சொடுக்கச் சொல்லும் மின்னஞ்சலை நம்பாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன்.”

எங்களிடம் பதில் இல்லை. அன்று மதியத்திற்குள் தடையை நீக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். அவர் சென்ற பின் அந்த மின்னஞ்சலை எடுத்துப் படித்தோம். ஆங்கிலத்தில் இருந்த அதன் தமிழ் வடிவம் இது:

“பொருள்: அவசரம் – உங்கள் கணக்கு விவரங்களைப் புதுப்பிக்கவும்.

அன்புள்ள ஆர்,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளராகிய தங்களுக்குச் சிறந்த சேவை வழங்குவதில் உறுதியாக உள்ளோம். ஒழுங்குமுறை நெறிகளின்படி தங்கள் கே.ஒய்.சி. விவரங்கள் புதுப்பிக்கப்பட வேண்டியுள்ளன. தேவையான ஆவணங்களை உடனடியாகச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறினால் கணக்கின் செயல்பாடுகள் கட்டுப்படுத்தப்படலாம். கீழுள்ள இணைப்பைச் சொடுக்கவும். உதவி தேவைப்படின் எங்களைத் தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

(இது தானாக அனுப்பப்பட்ட மின்னஞ்சல். இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.)”

தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே பதில் அனுப்ப வேண்டாம் என்கிறது கடிதம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சுவரொட்டி பட்டியலிடும் மோசடியின் அடையாளங்கள் அனைத்தும் இந்த உண்மையான கடிதத்தில் இருக்கின்றன. இது தற்செயல் அன்று. மோசடிக்காரன் தன் வலையை வங்கிகளின் மாதிரிக் கடிதங்களைப் பார்த்தே பின்னுகிறான். யாருக்கும் பொருந்தும் கடிதத்தை யாரும் எளிதாக நகலெடுக்க முடியும். ஆகவே, பெறுபவரை அறிந்த ஒருவர் எழுதியதுபோல் மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்பதை நடையழகு பற்றிய பேச்சாக நாங்கள் கருதவில்லை. கடிதம் படிக்கப்படுமா, அழிக்கப்படுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

வார்ப்பு குற்றமன்று

வார்ப்புக் கடிதம் நமக்குப் புதிதும் அன்று. “இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா” என்று தொடங்காத குடும்பக் கடிதம் ஒரு காலத்தில் அபூர்வம். 2013 ஜூலையில் நிறுத்தப்படும்வரை நம் தந்திச் சேவையில் வாழ்த்துகளுக்கு எண்கள் இருந்தன. பட்டியலில் ஓர் எண்ணைக் குறித்துக் கொடுத்தால், அதற்குரிய ஆயத்த வாசகம் மணமக்களைச் சென்றடையும். ஆயிரம் திருமணங்களுக்கு ஒரே வாசகம் போனது, எவரும் வருந்தவில்லை.

காரணம் எளிது. நலம் விசாரித்த அந்த முதல் வரிக்குப் பின்னால் மாடு கன்று ஈன்றதும், தம்பிக்குக் காய்ச்சல் விட்டதும், வரும் தை மாதத்தில் வர வேண்டிய காரணமும் வந்தன. தந்தியிலோ அனுப்பியவரின் பெயரே செய்தியாக இருந்தது. சட்டம் பொதுவானது, உள்ளே இருந்த படம் ஒருவருக்கே உரியது. இன்றைய மின்னஞ்சலில் சட்டம் மட்டும் இருக்கிறது, படம் இல்லை. கணினியே சில நொடிகளில் வரைவு எழுதித் தரும் வசதி வந்த பிறகு இந்தக் குறை பெருகியிருக்கிறது. வரைவு பிழையின்றி, பணிவாக, வழவழப்பாக இருப்பதால் அதில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்பது அனுப்புபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரிந்துகொள்ள நாங்கள் கையாளும் சோதனை ஒன்று உண்டு. கடிதத்தில் உள்ள பெயரை எடுத்துவிட்டு வேறொரு வாடிக்கையாளரின் பெயரைப் போட்டு, ஒவ்வொரு வாக்கியமாகப் படிக்க வேண்டும். எந்த வாக்கியம் சிறிதும் பிசகாமல் அவருக்கும் பொருந்துகிறதோ, அது வார்ப்பு. மேலே உள்ள கடிதத்தில் ஏழு வாக்கியங்கள். ஏழும் யாருக்கும் பொருந்துகின்றன.

எங்கே கை வைப்பது?

முதலில் பெயர். அந்த அம்மையாரின் பெயருக்கு முன்னால் உள்ள ‘ஆர்’ என்பது அவருடைய தந்தையின் பெயரின் முதலெழுத்து. தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாதிரிக் கடிதத்தில் `«First_Name»` என்று ஓர் இடம் விடப்பட்டிருக்கும். கணினி அதில் பதிவேட்டின் முதற்பெயர்க் கட்டத்தில் உள்ளதை எடுத்து நிரப்பும். அந்தக் கட்டம் முதற்பெயரும் குடும்பப் பெயரும் உடையவர்களுக்காக வகுக்கப்பட்டது. தலைப்பெழுத்தும் பெயரும் உடைய தமிழரை அதில் அடைக்கும்போது, சில வேளை தலைப்பெழுத்து மட்டும் விளிக்கப்படுகிறது. சில வேளை மகளுக்கு எழுதிய கடிதம் தந்தையை விளிக்கிறது. கன்னடப் பெயர்களில் ஊர்ப்பெயரே தலைப்பெழுத்தாக வருவதுண்டு. அவர்களுக்கு அவர்களுடைய ஊரை விளித்துக் கடிதம் போகிறது. விளியிலேயே பிழைத்த கடிதத்தை எவரும் மேலே படிப்பதில்லை. முழுப்பெயரையும் அப்படியே எழுதி ‘திரு’, ‘திருமதி’ சேர்ப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அது தவறுவதில்லை.

அடுத்தது உள்ளடக்கம். வரைவைத் திருத்தத் தொடங்குமுன் அதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பெறுபவரைப் பற்றி நம் பதிவேட்டில் நியாயமாக உள்ளவற்றைத் தாளில் குறிக்க வேண்டும். இவரைப் பற்றி நாங்கள் குறித்தவை நான்கு: இவருக்கு இரண்டு கணக்குகள், ஒன்று கணவருடன் கூட்டுக் கணக்கு, புதுப்பிக்க வேண்டியது ஓய்வூதியம் வரும் மற்றொன்று, கடைசியாக விவரம் கொடுத்தது 2014இல், அதன்பின் முகவரியோ கைபேசி எண்ணோ மாறியதாகத் தகவல் இல்லை, வயது எழுபதுக்கு மேல்.

இந்த நான்கையும் எழுதி முடித்தவுடன் கடிதத்தின் கோரிக்கையே மாறிவிட்டது என்பதுதான் நாங்கள் கற்ற பாடம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, குறைந்த இடர் வகையைச் சேர்ந்த வாடிக்கையாளர் பத்தாண்டுக்கு ஒரு முறை விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் விவரங்களில் எந்த மாற்றமும் இல்லை என்றால், ‘மாற்றமில்லை’ என்று அவரே தரும் உறுதிமொழி போதும். பதிவு செய்த மின்னஞ்சல், கைபேசி, இணைய வங்கி, கடிதம் என எதன் வழியாகவும் அதைத் தரலாம். ‘தேவையான ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்’ என்று கேட்ட எங்கள் கடிதம், தேவையே இல்லாத ஆவணங்களைக் கேட்டிருக்கிறது. அவரும் அன்று ஆதார் அட்டை, மின்கட்டண ரசீது, இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றுடன் ஆட்டோவில் வந்திருந்தார். அவரை அறிந்த ஒருவர் எழுதியிருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது.

ஆகவே, எந்தத் தகவலைச் சேர்ப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அதைச் சேர்ப்பதால் பெறுபவர் செய்ய வேண்டிய காரியம் தெளிவாகிறதா, எளிதாகிறதா? ஆம் எனில் சேர்க்கலாம். இல்லையெனில் அது வெறும் ஒப்பனை. அவர் கணக்கில் எவ்வளவு இருப்பு உள்ளது, சென்ற வாரம் எந்தக் கடையில் என்ன வாங்கினார் என்பவையும் நமக்குத் தெரியும். அவற்றைக் கடிதத்தில் எழுதினால் நெருக்கம் பிறக்காது, அச்சமே பிறக்கும். முழுக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் மின்னஞ்சலில் ஒருபோதும் இடம்பெறலாகாது. கணக்கின் கடைசி நான்கு எண்கள் போதும்.

மூன்றாவது, பேசுபவர் யார் என்பது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்’ என்றால் கேட்பவர் யார்? ‘கட்டுப்படுத்தப்படலாம்’ என்றால் கட்டுப்படுத்துபவர் யார்? அலுவலகத் தமிழும் அலுவலக ஆங்கிலமும் இந்தச் செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ளப் பழகியிருக்கின்றன. கவுன்ட்டரில் எதிரே நிற்பவரிடம் எவரும் இப்படிப் பேசுவதில்லை. வாக்கியத்தை உரக்கப் படித்து, அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வோமா என்று கேட்டுக்கொண்டால் திருத்தம் தானாக வரும். கீழே கையொப்பம் இடுபவரும் ஒரு பிரிவாக அல்லாமல் ஓர் ஆளாக இருக்க வேண்டும்.

இவ்வாறு திருத்தி எழுதிய கடிதம், அவருக்கு உரிய நேரத்தில் சென்றிருக்க வேண்டிய வடிவில், இதோ:

“பொருள்: உங்கள் ஓய்வூதியக் கணக்கு – அக்டோபர் 18க்குள் கையொப்பமிட்ட ஒரு கடிதம் தேவை.

மதிப்பிற்குரிய திருமதி (முழுப்பெயர்) அவர்களுக்கு,

எங்கள் கிளையில் உங்கள் ஓய்வூதியம் வரவாகும் சேமிப்புக் கணக்கின் (கடைசி எண்கள் 4417) விவரங்களை 2014 அக்டோபரில் கொடுத்தீர்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை இவற்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் கெடு வரும் அக்டோபர் 18ஆம் தேதி முடிகிறது. கூட்டுக் கணக்கிற்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் முகவரியும் கைபேசி எண்ணும் பழையவையே என்றால் ஆவணம் எதுவும் வேண்டாம். ‘என் விவரங்களில் மாற்றமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். நீங்கள் நேரில் வர வேண்டியதில்லை. ஏதேனும் மாறியிருந்தால் மட்டும் எங்களை அழையுங்கள். என்ன வேண்டும் என்று சொல்கிறோம். அக்டோபர் 18க்குள் கடிதம் வராவிட்டால், கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நாங்கள் நிறுத்திவைக்க நேரிடும்.

இந்த மின்னஞ்சலில் இணைப்பு எதுவும் இல்லை, ஓ.டி.பி.யும் கேட்கமாட்டோம். ஐயம் இருந்தால், உங்கள் பாஸ்புத்தகத்தில் உள்ள கிளைத் தொலைபேசி எண்ணில் அழைத்து என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

(பெயர்), உதவி மேலாளர், கணக்குப் பிரிவு”

இதில் ‘மதிப்புமிக்க’ என்ற சொல் இல்லை. நலம் விசாரிப்பும் இல்லை. பெயர்மாற்றச் சோதனையை வைத்துப் பாருங்கள். விதியைச் சொல்லும் வாக்கியமும் எச்சரிக்கை வாக்கியமும் எவருக்கும் பொருந்தும். அவை அப்படித்தான் இருக்க வேண்டும். சட்டம் கோரும் வாசகத்தை அழகுக்காக மாற்றக் கூடாது. கணக்கைப் பற்றியும், அவர் செய்ய வேண்டியதைப் பற்றியும் சொல்பவை மற்றொருவர் பெயரைப் போட்டவுடன் பிசகிவிடுகின்றன. தடை பற்றிய செய்தியும் மறைக்கப்படவில்லை. ‘உடனடியாக’ என்ற மிரட்டலுக்குப் பதில் ஒரு தேதி இருக்கிறது. தேதி இருந்தால் மனிதர் திட்டமிடுகிறார். ‘உடனடி’ என்றால் பதறுகிறார், அல்லது அழித்துவிடுகிறார்.

இரண்டு எல்லைகள்

இதைக் கிளையில் பேசியபோது இளைய அலுவலர் ஒருவர் எதிர்த்திசையில் ஒரு வரைவு எழுதிக் கொண்டுவந்தார். “வணக்கம் அம்மா! பெங்களூரின் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? ஐயா நலமா?” என்று தொடங்கியது அது. அவர் அந்த அம்மையாரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். இல்லாத நெருக்கத்தை நடிப்பது வார்ப்புக் கடிதத்தைவிடக் கேடானது. இயந்திரத்தனமான கடிதம் சலிப்பைத் தரும். போலியான கனிவு ஐயத்தைத் தரும். தொலைபேசியில் ‘அம்மா, அம்மா’ என்று உருகிப் பேசி ஓ.டி.பி.யைக் கறக்கும் குரல்களை நம் வாடிக்கையாளர்கள் நன்கறிவார்கள். கடிதத்தில் தெரிய வேண்டிய அறிமுகம், எழுதுபவருக்கு உண்மையிலேயே உள்ள அறிமுகத்தின் அளவைத் தாண்டலாகாது.

மற்றோர் எல்லை எண்ணிக்கை. இப்படி ஒரு கடிதம் எழுத எங்களுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு இது நடவாத காரியம் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஆயிரம் பேரும் ஆயிரம் விதமானவர்கள் அல்லர். செய்ய வேண்டிய காரியத்தை வைத்துப் பிரித்தால் நான்கைந்து வகையினர்தாம்: விவரம் மாறாதவர்கள், முகவரி மாறியவர்கள், கைபேசி எண் மாறியவர்கள், பதினெட்டு வயது நிறைந்து தம் பெயரில் கணக்கைத் தொடர வேண்டியவர்கள். வகைக்கு ஒரு கடிதத்தைக் கவனமாக எழுதினால், பெரும்பாலோர்க்கு அது தமக்கென எழுதியதாகவே இருக்கும். தனிக் கடிதம் தேவைப்படும் மிகச் சிலருக்கு இருபது நிமிடம் செலவிடலாம். வகை பிரிக்காமல் ஒரே கடிதத்தில் எல்லோரையும் அடக்க முனைவதே ‘தேவையான ஆவணங்கள்’ என்ற மங்கலான சொல்லைப் பிறப்பிக்கிறது.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி இவ்விதிகளைத் திருத்தியது. கெடுவுக்கு முன் மூன்று முறையாவது அறிவிப்பும், கெடு கடந்தால் மூன்று முறையாவது நினைவூட்டலும் அனுப்ப வேண்டும். இரு கட்டங்களிலும் ஒன்றேனும் தாளில் எழுதிய கடிதமாக இருக்க வேண்டும் என்றது. நல்ல திருத்தம். ஆயினும், ஒருவர் ஒரு முறை அழித்த வாசகத்தையே ஆறு முறை அனுப்பினால் அவர் ஆறு முறை அழிப்பார் என்பதையும் நாங்கள் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பக்கம்

வாசகர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உங்கள் பெயரும் கணக்கின் கடைசி எண்களும் சரியாக இருப்பதாலேயே ஒரு மின்னஞ்சல் உண்மையானது ஆகிவிடாது. அத்தகவல்கள் கசியக்கூடியவை. நன்கு எழுதிய கடிதம் தன்னை நம்பச் சொல்லாது; தன்னைச் சரிபார்க்கும் வழியைத் தனக்கு வெளியே, பாஸ்புத்தகத்திலோ கிளையிலோ காட்டும். வங்கியின் இணையதளத்திற்குச் செல்வதானால் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகளின் இணையதளங்கள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருந்தது.

நீங்கள் எங்களுக்கு எழுதும்போதும் இதே சோதனை பொருந்தும். ‘தங்கள் வங்கியின் சேவைக் குறைபாட்டால் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன், உடனடி நடவடிக்கை எடுக்கவும்’ என்று எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் புகார்கள் நாள்தோறும் வருகின்றன. பெயரை மாற்றினால் எவருடைய புகாராகவும் அவை ஆகிவிடும். எங்களால் தேடத் தொடங்கவும் இயலாது. ‘இம்மாதம் 6ஆம் தேதி இரவு எட்டு மணியளவில், இன்ன இடத்து ஏ.டி.எம்.மில் 5,000 ரூபாய் கேட்டேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. சீட்டில் உள்ள எண் இது. தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டுகிறேன்’ என்று நான்கு வரி எழுதுங்கள். அதைப் படிக்கும் அலுவலர் அடுத்த நிமிடமே பதிவேட்டைத் திறப்பார்.

திருத்திய வடிவில் கடிதங்கள் செல்லத் தொடங்கிய சில வாரங்களில் ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தில் கையொப்பமிட்ட அலுவலரின் பெயரைச் சொல்லி, அப்படி ஒருவர் உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றோம். “அவரிடமே கொடுங்கள்” என்றார். பேசினார். அவர் பார்த்த எண் பாஸ்புத்தகத்தில் உள்ளதுதானா என்று அலுவலர் கேட்டார், ஆம் என்றார். மூன்றாம் நாள் தபாலில் அவர் கையொப்பமிட்ட கடிதம் வந்தது.